வேலைக்கு இடைஞ்சல் செய்யாத நோய்

(வேடசந்தூர் அருகே ஒரு நூற்பாலையில், பகல் ஷிஃப்ட் முடிந்து மாலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில், வாய்ப்புற்றிலிருந்து மீண்ட ஒரு கார்டிங் ஜாபர் தொழிலாளர்களிடம் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னே வந்து உட்காருங்கள். மெஷின் சத்தத்திலேயே இருந்து நம் எல்லோருக்கும் காது கொஞ்சம் மந்தம், அதோடு என் பேச்சும் குழறும். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ழகரம் சரியாக வராது. நான் 'பழம்' என்றால் உங்களுக்குப் 'பயம்' என்று கேட்கும். பயமுறுத்த வந்தவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஒடிசா, பீகார் தம்பிகளுக்கு, என் பக்கத்தில் நிற்கும் இந்தத் தம்பி ஹிந்தியில் சொல்வார். அவருக்காக அங்கங்கே நிறுத்திப் பேசுகிறேன்.

நானும் மில்காரன்தான். டாஃபராகச் சேர்ந்து, கார்டிங்கில் ஜாபராக ஆனவன். இங்கிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கும் மில்லில் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன். அதனால் உங்கள் கேட்டில் என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகக்கூடாது. பஞ்சு இருக்கும் இடம், ஒரு பொறி போதும். செக்யூரிட்டி சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். ஆனால் புகையிலைப் பொட்டலத்தை யாரும் பிடிப்பதில்லை, அது தீப்பிடிக்காதே! அதனால்தான் நம் தொழிலில் புகைக்கிறவனைவிட மெல்லுகிறவன் அதிகம். ராத்திரி ஷிஃப்டில் இரண்டு மணிக்குக் கண் சொக்கும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சிட்டிகை அடக்கிக்கொண்டால் விடியும் வரை நிற்கலாம். நானும் அப்படித்தான் நின்றேன்.

எனக்கு வந்ததை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் வீட்டுக்காரம்மா. ஊறுகாய் இல்லாமல் சாப்பிடாத ஆள், மூன்று வேளையும் தயிர் சோறு கேட்கிறானே என்று அவளுக்குச் சந்தேகம். வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசும் இடத்தில், உளுந்து அளவில் ஒரு புண். சுற்றி வெள்ளையாக, நடுவில் சிவப்பாக, தொட்டால் கெட்டியாக இருந்தது. காரம் பட்டால் கொஞ்சம் எரியும், மற்றபடி வலியே கிடையாது. "வலிக்கவில்லையே, எதற்கு ஆஸ்பத்திரி?" என்றேன். "வலிக்காத புண்ணை நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் கூப்பிடுகிறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அவள் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம் ஆட்கள் நோயை அளக்கிற அளவு என்ன? இன்றைக்கு ஷிஃப்ட் பார்க்க முடியுமா, முடியாதா? முடியும் என்றால் அது நோயே இல்லை. காய்ச்சலில் படுத்தால் லீவு போடுவோம், விரல் நசுங்கினால் ஓடுவோம். வேலைக்கு இடைஞ்சல் செய்யாத நோயை மட்டும் கூடவே வைத்துக்கொண்டு திரிவோம். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்போது அது ஆழமாக இறங்கியிருக்கும், கழுத்தில் நெறி கட்டியிருக்கும்.

எனக்கு அது முதல் கட்டத்திலேயே தெரிந்தது. ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், பிறகு ஆபரேஷன். கழுத்து நெறிகளையும் எடுத்துப் பார்த்தார்கள், அவற்றில் நோய் இல்லை. கதிர்வீச்சுகூடத் தேவைப்படவில்லை. அதே புண்ணோடு ஒரு வருடம் தள்ளி வந்தவர்களை அதே வார்டில் பார்த்தேன். தாடை எலும்பை எடுத்து, மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. நோய் ஒன்றுதான், வந்த நாள்தான் வேறு.

துணுக்கு எடுக்கும் சோதனை என்றதும் ஒரு பேச்சு கிளம்பும்: "கத்தி பட்டால் பரவிவிடும்." என் சொந்தக்காரர்களே ஒரு வாரம் இதைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இது பொய். பரவுவது கத்தியால் இல்லை, காலம் கடத்துவதால். அந்தத் துணுக்கைப் பார்க்காமல் எந்த டாக்டராலும் இது புற்றா, வெறும் புண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, கிள்ளி எடுப்பதுபோல எடுப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, வாயில் எதைப் பார்க்க வேண்டும்? பல் தேய்த்த பிறகு கண்ணாடி முன்னால் நின்று, வெளிச்சத்தில் பாருங்கள். உதடுகளை வெளியே மடியுங்கள். கன்னத்தை விரலால் இழுத்து, பொட்டலம் அடக்குகிற இடத்தைக் கட்டாயம் பாருங்கள். நாக்கை நீட்டி இரண்டு ஓரங்களையும், பிறகு மேலே தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணம் இல்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் போய்க் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிப் போடுவது நம் வழக்கம். போடுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு வாரக் கணக்கு புண் வந்த நாளிலிருந்து ஓடுகிறது, மாத்திரை தீர்ந்த நாளிலிருந்து இல்லை.

இன்னொன்று, இப்போதே செய்து பார்க்கலாம். மூன்று விரலைச் சேர்த்து, செங்குத்தாக, முன்பற்களுக்கு நடுவே விடுங்கள். போகிறதா? அங்கே இரண்டு பேர் சிரிக்கிறீர்கள், சிரிக்காமல் விட்டுப் பாருங்கள். போகாமல் வாய் இறுகியிருந்தால், பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் இறுக்கமாக இருக்கலாம். அது பிற்பாடு புற்றாக மாறக்கூடியது. "நான் புகையிலை தொடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்கள் கவனியுங்கள். வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வெற்றிலை போடுகிற அம்மாமார்களே, இது ஆண்களுக்கு மட்டும் சொல்வது இல்லை.

இனி இருமல். இதைச் சொல்லும்போது ப்ளோரூமில் என்னோடு இருந்த ஒருவர் நினைவு வருகிறது. பேர் வேண்டாம், அவர் குடும்பம் இந்தப் பக்கம்தான். அட்டெண்டன்ஸ் போனஸைத் தவறவிடாத மனிதர். வெளியே போனால் பீடி, உள்ளே வந்தால் பஞ்சு. இருமிக்கொண்டே இருப்பார், "பஞ்சு இருமல்தானே" என்பார். நாங்களும் அப்படியே சொன்னோம். ப்ளோரூமில் இருமாதவன் யார்? மேஸ்திரி இருமுகிறார், சூபர்வைசர் இருமுகிறார். எல்லோரும் இருமுகிற இடத்தில் ஒருவனுடைய இருமல் மாறியது யாருக்கும் கேட்கவில்லை. சளியில் ரத்தம் வந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் புற்று, முற்றிய நிலை. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

பஞ்சுத் தூசியால் இருமல் வரும், மறுக்கவில்லை. விடுமுறை முடிந்து திங்கள்கிழமை வந்ததும் நெஞ்சு இறுகுவது நமக்கெல்லாம் தெரியும். அதுவும் காட்ட வேண்டிய ஒன்றுதான், வருடக்கணக்கில் விட்டால் மூச்சே குறைந்துபோகும். ஆனால் எந்த இருமலாக இருந்தாலும் இரண்டு வாரம் தாண்டினால் அதற்கு நீங்கள் பேர் வைக்காதீர்கள். பேர் வைப்பது டாக்டர் வேலை. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது, தொண்டை கரகரத்துக் குரல் மாறுவது, சளியில் ரத்தம், இவை கூடச் சேர்ந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வார இருமலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காசநோய் இருக்கிறதா என்று சளியைச் சோதிப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டுக்கும் காசு கிடையாது. பெரும்பாலும் புற்று இருக்காது. காசநோய் என்றால் மருந்து இலவசம், சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். ஹாஸ்டலில் ஒரே அறையில் தங்கியிருக்கிற பெண்களே, இதைக் காதில் வாங்குங்கள். ஒருத்தி மறைத்தால் அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒட்டலாம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் ஒட்டுவது நின்றுவிடும்.

கடைசியாகச் சம்பளம். எல்லோரும் இதைத்தான் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், அந்தப் பணம் இதற்குத்தான். இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். புற்று, காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருடம் வேலையில் இருந்து போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. நான் படுத்திருந்தபோது என் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தப் பணத்தில்தான். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது உண்டு. மேனேஜர் சார் முன்வரிசையில் இருப்பதால் தைரியமாகவே கேட்கிறேன்: கான்ட்ராக்டர்கள் பிடித்த பணத்தைக் கட்டுகிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள் சார். சோதனைக்குப் போகிறவனுக்கு அந்த அரை நாளைச் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள். அட்டெண்டன்ஸ் போனஸில் கை வைக்காதீர்கள். அந்த போனஸுக்காகவே வாயை மூடிக்கொண்டு இருந்தவரை எனக்குத் தெரியும்.

மெல்லுவதை விட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இலவச எண் ஒன்று இருக்கிறது: 1800-11-2356. முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், மேஸ்திரியைப் பார்த்தால் அடிக்கத் தோன்றும். அது புகையிலை விடுகிற எரிச்சலா, மேஸ்திரியாலேயே வந்ததா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேண்டீனில் மூன்று மேஜை போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டில் பல் டாக்டர்கள், மூன்றாவதில் இருமலுக்கு எழுதிக்கொள்வார்கள், சளிக்கு டப்பா அங்கேயே கிடைக்கும். மாலை ஷிஃப்ட் ஆட்கள் முதலில் போகட்டும், மெஷின் காத்திருக்காது. பகல் ஷிஃப்ட் ஆட்கள் டீ குடித்துவிட்டு வரலாம், உங்களைப் பார்த்து முடிக்கும்வரை பஸ் கிளம்பாது, டிரைவரிடம் சொல்லியாகிவிட்டது. வாயில் அடக்கியிருப்பதை எல்லாம் துப்பிவிட்டு, நன்றாகக் கொப்பளித்துவிட்டு வாருங்கள். குழாய் கேண்டீனுக்குப் பின்புறம். அந்தத் தூணோரம் நிற்கிற தம்பி, கன்னத்தை வீங்க வைத்துக்கொண்டு என்னையே பார்க்காதே, முதல் ஆள் நீதான், வா.