செய்முறை: கறந்த பாலில் உயிருள்ள பாக்டீரியாக்களைத் தொடர் நீர்த்தல், தட்டு எண்ணிக்கை முறைகளால் மதிப்பிடுதல்

காரைக்குடி, இளநிலை நுண்ணுயிரியல் ஆய்வகம். மாதிரி: பள்ளத்தூர் மாட்டுக்கொட்டில் ஒன்றில் காலை 6 மணிக்குக் கறந்த, காய்ச்சாத பசும்பால்.

கறந்த பாலில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும் என்பதால், அதை அப்படியே தட்டில் இட்டால் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து எண்ண இயலாமல் போகும். எனவே பாலைப் படிப்படியாகப் பத்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, எண்ணத்தக்க அளவில் காலனிகள் தோன்றும் நிலையைக் கண்டறிகிறோம்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான முடிவுகள் கெடுகின்றன. கறந்த பாலை வாளியிலேயே நன்கு கலக்கி, நுண்ணுயிர் நீக்கிய கண்ணாடிக் குப்பியில் 100 மில்லிலிட்டர் எடுத்து உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். செட்டிநாட்டுக் கோடையில் மிதிவண்டியின் பின்னால் கேனில் வரும் பாலுக்குள் பாக்டீரியாக்கள் வழியிலேயே பெருகிவிடுவதால், குளிர்விக்காமல் கொண்டுவந்த மாதிரியின் எண்ணிக்கை கொட்டிலின் தூய்மையைக் காட்டாது. பயண நேரத்தையே காட்டும். அன்று காலையிலேயே சோதனையைத் தொடங்குங்கள்.

நீர்த்தலுக்கு 0.1 சதவீதப் பெப்டோன் நீரை ஐந்து சோதனைக்குழாய்களில் 9 மில்லிலிட்டர் வீதம் நிரப்பி, பெட்ரி தட்டுகளுக்கான அகார் ஊடகத்துடன் ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஊடகத்தின் ஒரு லிட்டரில் டிரிப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 2.5 கிராம், குளுக்கோஸ் 1 கிராம், அகார் 15 கிராம் இருக்கும். அதன் அமிலகாரத்தன்மை 7.0. ஆட்டோகிளேவில் சோதனைக்குழாயிலுள்ள பெப்டோன் நீர் சற்று ஆவியாகிக் குறைவதுண்டு. 9 மில்லிலிட்டர் 8.5 ஆகிவிட்டால் அடுத்தடுத்த ஒவ்வொரு படியிலும் அந்தப் பிழை பெருகும் என்பதால், நுண்ணுயிர் நீக்கிய பின் அளவைச் சரிபார்த்து, குறைந்த குழாயை ஒதுக்கிவிடுங்கள்.

பால் குப்பியை ஒரு முழத்துக்குக் குறைவான வீச்சில் 25 முறை குலுக்கியதும், நுரை அடங்குவதற்குச் சிறிது பொறுத்து, 1 மில்லிலிட்டரை முதல் குழாயில் சேருங்கள், இது 10⁻¹. அதை நன்கு கலக்கி, புதிய பிப்பெட்டால் 1 மில்லிலிட்டரை இரண்டாம் குழாய்க்கு மாற்றினால் 10⁻² கிடைக்கும். இவ்வாறே 10⁻⁵ வரை செல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட் கட்டாயம். பாலின் கொழுப்பு பிப்பெட்டின் உட்சுவரில் ஒட்டி, முந்தைய படியின் பாக்டீரியாக்களை அடுத்ததற்குக் கொண்டு சேர்க்கும்.

10⁻³, 10⁻⁴, 10⁻⁵ ஆகியவற்றிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டுகளில், 1 மில்லிலிட்டர் வீதம் இடுங்கள். 45 பாகைக்கு ஆற வைத்த அகாரில் 12 முதல் 15 மில்லிலிட்டரை ஊற்றி, தட்டை மேசைமீது மென்மையாக வலமும் இடமும் முன்னும் பின்னும் சுழற்றிக் கலக்குங்கள். அகார் இதைவிடச் சூடாக இருந்தால் நலிந்த பாக்டீரியாக்கள் இறந்துவிடும், ஆறிப்போனால் கட்டிதட்டும். முதல் நீர்த்தலிலிருந்து கடைசித் தட்டில் அகார் ஊற்றும் வரை 15 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. மாதிரி இடாமல் பெப்டோன் நீரும் அகாரும் மட்டும் இட்ட கட்டுப்பாட்டுத் தட்டு ஒன்றும் வேண்டும். அதில் காலனி தோன்றினால் அன்றைய முடிவுகள் எதையும் ஏற்க முடியாது.

அகார் இறுகியதும், மூடியில் கோக்கும் நீர் காலனிகள்மீது சொட்டாதவாறு தட்டுகளைக் கவிழ்த்து, 30 பாகையில் 72 மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். 37 பாகையில் வைத்தால் குளிரையும் மிதவெப்பத்தையும் விரும்பும் பால் பாக்டீரியாக்கள் பல வளராமல் போகும்.

30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டுகளை மட்டும் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 10⁻³ தட்டுகளில் எண்ண இயலாத அளவுக்கும், 10⁻⁴ தட்டுகளில் 168, 152 எனவும், 10⁻⁵ தட்டுகளில் 18, 14 எனவும் காலனிகள் தோன்றியதாகக் கொள்வோம். 10⁻⁴ தட்டுகளின் சராசரி 160.

160 ÷ (1 × 10⁻⁴) = 1.6 × 10⁶

அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 16 லட்சம் காலனி உருவாக்கும் அலகுகள். 10⁻⁵ தட்டுகளின் சராசரியான 16-உம் அதே மதிப்பையே தருவதால் நீர்த்தல் ஒழுங்காக நடந்திருப்பதை அறியலாம். இந்தப் பத்து மடங்கு இறக்கம் இல்லையென்றால் பிப்பெட்டையும் கலக்கியதையும் ஐயப்படுங்கள்.

பாக்டீரியாக்கள் எனக் குறிப்பிடாமல் காலனி உருவாக்கும் அலகுகள் என்றே பதிவேட்டில் எழுத வேண்டும். சங்கிலியாகவோ கொத்தாகவோ இருக்கும் பல உயிரணுக்கள் சேர்ந்து ஒரே காலனியாக வளரும். காற்றில்லாச் சூழலில் மட்டும் வாழ்பவை இந்தத் தட்டில் தோன்றவே மாட்டா. ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எண்ணி முடித்த தட்டுகளையும் குழாய்களையும் ஆட்டோகிளேவில் வைத்த பின்னரே கழுவுங்கள்.