நரிதாவில் இறங்கும் அம்மாவுக்கு ஒரு குறிப்பு

அம்மா, இதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள். விமானத்தில் அப்பாவுக்கும் ஒருமுறை படித்துக் காட்டு.

ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள்கள் இரண்டு. முதலாவது குடியேற்ற அட்டை. ஜப்பானியப் பெயர் ‘நியூகோகு கிரோகு’, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு. இது ஆளுக்கு ஒன்று. இரண்டாவது சுங்கத் தாள். சுங்கத்துக்கு இங்கே ‘ஸெய்கன்’ என்பார்கள். சேர்ந்து வரும் குடும்பத்துக்கு ஒன்று போதும், அப்பா பெயரில் எழுதுங்கள்.

அட்டையில் ‘ஷிமெய்’ என்றால் பெயர். ஃபேமிலி நேம் என்ற இடத்தில் நம் வழக்கப்படி இனிஷியல் போடாதே. பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று அச்சாகியிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுது. விமான எண் கேட்டால், சென்னையில் ஏறியதை அல்ல, சிங்கப்பூரில் மாறி ஏறியதை எழுத வேண்டும். வந்த நோக்கத்தில் ‘காங்கோ’ என்பது சுற்றுலா, ‘ஷின்ஸோகு ஹோமோன்’ என்பது உறவினரைப் பார்ப்பது. நீங்கள் குறியிட வேண்டியது இரண்டாவதை. விசாவும் அதற்குத்தான் வாங்கினோம். ‘தைஸாய்’ என்றால் தங்குவது: 25 நாள். ‘ரென்ராகுசாகி’ என்பது இங்கே உங்களைத் தொடர்புகொள்ளும் முகவரி. நிஷி கசாயில் உள்ள என் வீட்டு முகவரியும் போன் எண்ணும் விசா நகலின் பின்பக்கம் இருக்கின்றன. ‘ஷோமெய்’ என்ற இடத்தில் அவரவர் கையெழுத்து.

சுங்கத் தாளை நிதானமாக எழுதுங்கள். ‘ஷின்கோகு’ என்றால் தெரிவிப்பது. தெரிவித்தாலே வரி என்று பயப்படாதே, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. ‘அஸுகட்டா மோனோ’ என்றால் பிறர் கொடுத்தனுப்பிய பொருள். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குக் கொடுத்துவிடும் பொட்டலம் இதில்தான் சேரும். அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே என்ன என்று தெரிந்த பிறகே பெட்டியில் வை. தாளில் ‘ஹை’, ஆமாம், என்று குறியிடு. ‘ஈயே’ என்றால் இல்லை.

‘பெஸ்ஸோஹின்’ என்பது கூட வராமல் தனியே அனுப்பிய சாமான். பாத்திரப் பெட்டியைக் கப்பலில் போட்டிருக்கிறீர்களே, அதற்கும் ஆமாம் என்று குறியிட்டு, இந்தத் தாளை மட்டும் 2 பிரதி எழுதுங்கள். ஒன்றில் முத்திரை போட்டுத் திருப்பித் தருவார்கள். பெட்டி வந்து சேரும்போது அதைக் காட்டினால்தான் வரிவிலக்கு கிடைக்கும். பின்னால் போய் வாங்க முடியாது, அதனால் அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்.

‘நிகு’ என்றால் இறைச்சி. அண்ணன் தரும் உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கை விதை, எல்லாவற்றுக்கும் நம் ஊர் அரசின் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். எனக்காக ஆசைப்பட்டு வைக்காதே அம்மா. ரொக்கம் 10 லட்சம் யென்னுக்கு மேல் இருந்தால்தான் தெரிவிக்க வேண்டும், அது நமக்கு இல்லை.

எழுதத் தடுமாறினால் அங்கே நிற்கும் ஊழியரிடம் தாளைக் காட்டி ‘ஓனெகாய் ஷிமாஸ்’ என்று சொல். தயவுசெய்து என்று அர்த்தம். சுங்கம் தாண்டிய கதவுக்கு வெளியே நிற்கிறேன்.