யோசேப்பும் யூசுஃபும்: ஒரு தந்தையின் காத்திருப்பு, இரண்டு வேதங்களில்

நம் கூட்டு வாசிப்பின் அடுத்த அமர்வுக்கு வரும் கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்காக இந்தக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. சகோதரர்களால் குழியில் தள்ளப்பட்டு, எகிப்தில் விற்கப்பட்டு, பின் அந்நாட்டின் தானியத்துக்கே பொறுப்பாளரானவரின் வரலாறு இரு வேதங்களிலும் உள்ளது. விவிலியத்தில் ஆதியாகமம் 37 முதல் 50 வரையிலான அதிகாரங்கள் அதைச் சொல்கின்றன. குர்ஆனில் 111 வசனங்கள் கொண்ட 12ஆவது அத்தியாயம் ஏறக்குறைய முழுவதும் அவருக்கே உரியது. ஆதியாகமத்தைப் பேசும்போது யோசேப்பு, யாக்கோபு என்றும், குர்ஆனைப் பேசும்போது யூசுஃப், யஃகூப் என்றும் எழுதியிருக்கிறோம். எது மூலம், எது சரி என்ற விவாதத்துக்குள் இந்தக் குறிப்பு போகாது. ஒவ்வொரு வேதத்தையும் அதன் சொந்தக் குரலில் கேட்பதே நோக்கம்.

வேறுபாடுகள் பல. அவற்றில் தந்தைக்கு என்ன தெரியும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு படித்தால் மற்றவை தாமாகவே விளங்கும் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தையே பாருங்கள். பதினேழு வயது யோசேப்பு இரண்டு கனவுகளைக் காண்கிறார்: ஒன்றில் அரிக்கட்டுகள், மற்றதில் சூரியன், சந்திரன், பதினொரு நட்சத்திரங்கள். சகோதரர்களிடம் அவற்றைச் சொல்கிறார். இரண்டாவதைக் கேட்டுத் தந்தை கடிந்துகொண்டாலும் மனத்தில் வைத்துக்கொள்கிறார். பின்னர், மந்தை மேய்க்கும் சகோதரர்களைப் பார்த்து வர மகனை அனுப்புவதும் யாக்கோபேதான். குர்ஆனில் வான்கனவு மட்டுமே வருகிறது. யூசுஃப் அதைத் தந்தையிடம் சொன்னதும், சகோதரர்களிடம் சொல்லாதே என்று யஃகூப் எச்சரிக்கிறார். மகனை எங்களோடு அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்கும்போது, ஓநாய் தின்றுவிடுமோ என்ற அச்சத்தை வாய்விட்டே சொல்கிறார்.

இரத்தம் தோய்ந்த உடை வீட்டுக்கு வரும் காட்சியில் இரு வேதங்களும் வெகுவாக விலகுகின்றன. கொடிய மிருகம் மகனைக் கொன்றுவிட்டது என்று யாக்கோபு நம்புகிறார். ஆறுதலை ஏற்க மறுத்து, துக்கத்தோடே பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். யஃகூபோ, இது உங்கள் மனம் புனைந்த செயல் என்று மகன்களிடம் சொல்லிவிட்டு, அழகிய பொறுமையைக் கைக்கொள்கிறார். இதனால் இருவரின் துயரமும் வேறு வகையாகிறது. யாக்கோபு இறந்த மகனுக்காக அழுகிறார். யஃகூப், எங்கோ உயிரோடிருக்கும் மகனுக்காக அழுது அழுது பார்வையையே இழக்கிறார். அவர் துயரம் சிறியது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம்பிக்கையும் கண்ணீரும் அவரிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

எகிப்துப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆதியாகமத்தில் யோசேப்பு தன்னிடம் தவறாக நடக்க முயன்றார் என்று மனைவி சொன்ன பொய்யை நம்பி, எஜமான் போத்திபார் அவரைச் சிறையில் அடைக்கிறார். குர்ஆனில் யூசுஃபின் சட்டை பின்புறம் கிழிந்திருப்பதைக் கண்டு கணவர் உண்மையை அறிகிறார். ஆயினும் யூசுஃப் சிறைக்குப் போகிறார். அந்தப் பெண்ணைப் பலர் ஜுலைகா என்று அறிவார்கள். அந்தப் பெயர் இரு வேதங்களிலும் இல்லை. பிற்கால மரபு தந்தது.

பஞ்சம் சகோதரர்களை எகிப்துக்குக் கொண்டுவருகிறது. யோசேப்பு வைக்கச் செய்த கிண்ணம் தம்பி பென்யமீனின் சாக்கில் அகப்பட்டபோது, அவனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று சகோதரர்களில் ஒருவரான யூதா மன்றாடும் நீண்ட பேச்சு ஆதியாகமத்தின் உச்சங்களில் ஒன்று. அமர்வில் அதை உரக்கப் படிக்க வேண்டுகிறேன். அதைக் கேட்ட பிறகே யோசேப்பு அடக்கமுடியாமல் தம்மை வெளிப்படுத்துகிறார். குர்ஆனில் யூசுஃப் தம் தம்பியிடம் முன்பே இரகசியமாகத் தம்மைத் தெரிவித்துவிடுகிறார். அங்கே யஃகூப், யூசுஃபையும் அவர் தம்பியையும் தேடிப் போங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மகன்களை அனுப்புகிறார்.

நற்செய்தி வீட்டை எட்டும் இடத்தில் இந்த இழை முழுமை பெறுகிறது. யோசேப்பு உயிரோடிருக்கிறார் என்று கேட்ட யாக்கோபின் உள்ளம் மரத்துப்போகிறது. மகன் அனுப்பிய வண்டிகளைக் கண்ட பிறகுதான் உயிர்ப்புப் பெறுகிறது. யஃகூபுக்கோ, யூசுஃப் அனுப்பிய தம் சட்டை வந்து சேருமுன்பே அவருடைய வாசனை வருகிறது. சட்டையை முகத்தில் போட்டதும் பார்வை திரும்புகிறது.

மன்னிப்பில் இரு வேதங்களும் நெருங்கி வருகின்றன. நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக்கினார் என்கிறார் யோசேப்பு. இன்று உங்கள்மீது பழியில்லை, அல்லாஹ் உங்களை மன்னிப்பானாக என்கிறார் யூசுஃப். அமர்வில் ஆதியாகமம் 45ஆம் அதிகாரத்தையும் குர்ஆனின் 12:83 முதல் 12:101 வரையிலான வசனங்களையும் அடுத்தடுத்துப் படிப்போம். தம் வேதத்தை அறிந்தவர்கள் முதலில் மற்றதைப் பற்றிக் கேள்வி கேட்கட்டும்; பதிலை அந்த வேதத்தை ஓதி வளர்ந்தவர் சொல்லட்டும்.