காத்திருப்பு அறையில் மூவர்

(கணக்காளர் பணிக்கான நேர்முகத் தேர்வு. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள்.)

இளைஞர்: வணக்கம் மேடம். இந்த இடத்தில் யாரேனும் இருக்கிறார்களா?

பெண்மணி: வணக்கம். யாரும் இல்லை, உட்காருங்கள். என் கோப்பை எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் கணக்காளர் பணிக்குத்தானே வந்திருக்கிறீர்கள்?

இளைஞர்: ஆமாம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் ஒன்பது மணிக்கே வந்து, கதவு திறக்கும் வரை வெளியே நின்றிருந்தேன். உள்ளே அழைக்கத் தொடங்கிவிட்டார்களா?

பெண்மணி: ஒருவர் போயிருக்கிறார். வரவேற்பு மேசையில் உள்ள பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டீர்களா? அந்த வரிசைப்படிதான் அழைக்கிறார்கள்.

இளைஞர்: இட்டுவிட்டேன். இதுவே எனக்கு முதல் நேர்முகத் தேர்வு. சான்றிதழ்களின் அசலையும் நகலையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறேன், அது பரவாயில்லையா?

பெண்மணி: பிரித்து வைத்துவிடுங்கள் தம்பி. நகல்களை அவர்கள் வைத்துக்கொள்வார்கள், அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். கேட்கும்போது தேடிக்கொண்டிருந்தால் வீணாகப் பதற்றம்தான் கூடும்.

முதியவர்: மன்னிக்கவும், உங்கள் பேச்சு காதில் விழுந்தது. கேள்விகள் கடினமாக இருக்குமா என்று யாருக்காவது தெரியுமா? பதினெட்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை பார்த்ததில் இந்த அனுபவமே மறந்துவிட்டது.

பெண்மணி: என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியாது ஐயா. பொதுவாக, நம்முடைய ரொக்கப் புத்தகத்தில் உள்ள இருப்பும் வங்கி அறிக்கையில் உள்ள இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்பதுண்டு.

இளைஞர்: நாம் கொடுத்த காசோலையைப் பெற்றவர் இன்னும் வங்கியில் செலுத்தாமல் இருக்கலாம், வங்கி பிடித்த கட்டணத்தை நாம் இன்னும் பதிவு செய்யாமலும் இருக்கலாம்.

முதியவர்: மிகச் சரி. நீங்களே என் இடத்தைப் பிடித்துவிடுவீர்கள் போலிருக்கிறதே!

இளைஞர்: அப்படியெல்லாம் இல்லை ஐயா, நேற்றிரவு படித்தது இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கலாமா?

முதியவர்: அதை உள்ளே இருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேனே. (சிரிக்கிறார்.) பழைய நிறுவனம் வேறு ஊருக்கு மாறுகிறது, பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தி அழைத்துச் செல்ல மனமில்லாமல்தான் இங்கே விண்ணப்பித்தேன். நீங்கள், மேடம்?

பெண்மணி: என் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக நான்கு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். அந்த இடைவெளியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். இருந்ததை இருந்தபடியே சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

முதியவர்: அதில் மறைக்க என்ன இருக்கிறது? இப்போது தாயார் நலமா?

பெண்மணி: நலமாக இருக்கிறார்கள், கேட்டதற்கு நன்றி. இதோ கதவு திறக்கிறது. அடுத்து என் பெயர்தான். தம்பி, கைபேசி ஒலியை நிறுத்திவிட்டீர்களா?

இளைஞர்: நல்லவேளை, நினைவூட்டினீர்கள். நல்லபடியாகச் செய்துவிட்டு வாருங்கள் மேடம்.

பெண்மணி: நன்றி. உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள். வருகிறேன்.