அக்டோபர் 22 முதல் நவம்பர் 1 வரை கேட்ட விடுப்பு குறித்து

23 செப்டம்பர் 2026
லெபோ பாசார், பினாங்கு

அன்புள்ள செல்வி,

திங்கட்கிழமை நீங்கள் கொடுத்த விடுப்புக் கடிதம் கிடைத்தது. இந்தத் தேதிகளில் என்னால் விடுப்புக் கொடுக்க முடியவில்லை. அம்மாவைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டீர்கள், அதற்கு நன்றி. அதனால்தான் நானும் இரண்டே நாளில் பதில் எழுதுகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி நவம்பர் 8. இன்றைக்கே 140 ஜாக்கெட் ஆர்டர் புத்தகத்தில் ஏறிவிட்டது. பஞ்சாபி சூட் தனி. அக்டோபர் 25 வரை புது ஆர்டர் வாங்குவோம். நீங்கள் கேட்ட பதினொரு நாளில்தான் வெட்டும் வேலையும், போட்டுப் பார்த்துத் திருத்தும் வேலையும் ஒன்றாக வந்து விழும். மற்ற வருடமாக இருந்தால் கமலா பார்த்துக்கொள்வார். அவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார், டிசம்பர் நடுவில்தான் திரும்புவார். தைக்க வெளியிலிருந்து இரண்டு பேரை ஏற்பாடு செய்துவிட்டேன். அளவெடுத்து வெட்டுவதற்கு மட்டும் இப்போது கடையில் உங்களைத் தவிர ஆளில்லை. புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து, பட்டுப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணியில் அவர் கத்திரி வைக்க நான் துணியமாட்டேன். ஒரு வெட்டு தவறினால் வாடிக்கையாளருக்கு அதே துணி திரும்பக் கிடைக்காது.

சரி, எப்போது போகலாம்? விடுப்புப் பட்டியலைப் பார்த்து இரண்டு வழி வைத்திருக்கிறேன். இரண்டிலும் வேறு யாருக்கும் விடுப்பு இல்லை. எதைச் சொன்னாலும் அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

முதல் வழி, தீபாவளி முடிந்தவுடன். இந்த முறை தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்கள் 9ஆம் தேதியும் பொது விடுமுறை. செவ்வாய் நம் கடைக்கு வழக்கமான ஓய்வு நாள். ஆகவே 11 முதல் 21 வரை விடுப்பு எடுத்தால், இடையில் வரும் செவ்வாய் போக, உங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் 10 நாள்தான் கழியும். ஆனால் 9ஆம் தேதியே கிளம்பினால் கையில் 13 நாள் இருக்கும். நீங்கள் முதலில் கேட்டதைவிட இரண்டு நாள் கூடுதல். ஒரு விஷயம் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டில் நவம்பர் நல்ல மழைக்காலம். அம்மாவுக்கு முட்டிவலி என்றீர்களே, ஈரத்தில் கோயில் படி ஏறி இறங்குவது சிரமமாக இருக்கலாம்.

அதனால்தான் இரண்டாவது வழியையும் சொல்கிறேன். தைப்பூசம் ஜனவரி 22. அந்தக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரி 25 முதல் பிப்ரவரி 4 வரை போய் வரலாம். மழை விட்டிருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது, தை மாதமும் இருக்கும். நடுவில் இரண்டு செவ்வாய் வருவதால் 9 நாள்தான் கழியும். சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த வருட விடுப்பு வீணாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். அப்படியே ஜனவரிக்குக் கொண்டு போகலாம் என்று முதலாளியிடம் பேசி, உங்கள் விடுப்பு அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன். என்னைக் கேட்டால் அம்மாவுக்கு இதுதான் வசதி. ஆனால் அங்கே உறவுக்காரர்களுக்கு எது தோது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் பேசிவிட்டு அடுத்த புதன், செப்டம்பர் 30க்குள் சொல்லுங்கள். அதுவரை இந்த இரண்டு தேதியையும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன். இரண்டுமே ஒத்துவரவில்லை என்றால் உட்கார்ந்து பேசி வேறு நாள் பார்ப்போம். தீபாவளிக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

அப்புறம், இது பயணத்துக்கான விடுப்பைப் பற்றி மட்டும்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றால் எத்தனை ஆர்டர் இருந்தாலும் ஒரு போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்டோபரில் உங்கள் செவ்வாய் ஓய்விலும் கை வைக்கமாட்டேன்.

அக்டோபர் முழுவதும் விடுப்பு எடுக்க முடியாது என்று ஆகஸ்டிலேயே எல்லோருக்கும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு. அம்மாவிடம் ஆசையைக் கிளப்பிவிட்டு இப்போது மாற்றிச் சொல்ல வேண்டிய நிலைக்கு உங்களை ஆளாக்கியதற்கு மன்னியுங்கள். வேண்டுமானால் நானே அம்மாவிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
மாலதி
கடை மேலாளர்