அம்மாவின் டிக்கெட், எழுத்துக்கு எழுத்து

அம்மாவின் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்த டிக்கெட் துண்டு இது. கோயம்புத்தூர் மால் ஒன்றில் வாங்கியது. தெர்மல் பேப்பரில் மை கிடையாது, காகிதத்தின் மேல் இருக்கும் பூச்சு சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது, அதனால் வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் நாளடைவில் வெளுத்துவிடும். இப்போதே ஓரங்கள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. கோத்தகிரியில் இன்னும் ஒரு மழைக்காலம் போனால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும் என்று பயந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், சிறு எழுத்து விதிகள் மட்டும் அதிலேயே தமிழில்தான் இருந்தன.

மேல் பகுதியை வாசலில் கிழித்துக்கொண்டார்கள். தியேட்டர் பெயரும் படத்தின் பெயரும் அதோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது:

(யு/ஏ) தமிழ்
தேதி: 18-11-2023 சனி
காட்சி: 12.45 பிற்பகல்
ஸ்கிரீன்: 03
வரிசை: எச்
இருக்கை: 14, 15
நபர்: 2

அனுமதிக் கட்டணம் 298.18
உள்ளாட்சி கேளிக்கை வரி 8% 23.86
சிஜிஎஸ்டி 9% 28.98
எஸ்ஜிஎஸ்டி 9% 28.98
மொத்தம் ரூ. 380.00
பணமாகப் பெறப்பட்டது 12.21

கடைசியில் இருக்கும் 12.21 விலை இல்லை, டிக்கெட் அடித்த நேரம். படம் தொடங்க இருபத்துநாலு நிமிஷம் இருந்தது, அம்மா அதற்குள் வேர்க்க விறுவிறுக்க எஸ்கலேட்டரைச் சுற்றிப் படிக்கட்டு தேடி ஏறிவந்தார். அப்போது ஒரு டிக்கெட் நூறு ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதனால்தான் இரண்டு 9. கேளிக்கை வரியைச் சேர்த்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள், நான் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

எச் வரிசை திரையிலிருந்து எட்டாவது. ஏ என்பது திரைக்குப் பக்கத்தில் இருந்தது, நாங்கள் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டே போனோம். 15 நடைபாதை ஓரம், அதில் அம்மா. கால் நீட்டிக்கொள்ள வசதி.

கீழே சிறு எழுத்து. ஒரு வரி ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். அச்சில் இருக்கிறபடி:

1. ஒருமுறை விற்ற டிக்கெட்டை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ இயலாது.
2. 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தனி டிக்கெட் அவசியம்.
3. வெளியிலிருந்து உணவு பொருள்கள் கொண்டுவர அனுமதி இல்லை.
4. புகை பிடித்தல், மது அருந்துதல் தடை செய்யப்பட்டுள்ளது.
5. படத்தைக் கேமராவிலோ செல்போனிலோ பதிவு செய்வது தண்டனைக்குரிய குற்றம்.
6. காட்சி முடியும்வரை டிக்கெட்டை வைத்திருக்கவும்.
7. அனுமதி நிர்வாகத்தின் உரிமைக்கு உட்பட்டது.

மூன்றாவதில் "உணவுப்" என்று ப் வரவேண்டும், விட்டுப்போனது அவர்களுடையது, நான் திருத்தவில்லை. அதே மூன்றாவது விதியால்தான் அம்மாவின் பையில் இருந்த வர்க்கி பொட்டலம் வாசலில் தங்கிவிட்டது, திரும்பும்போது மறக்காமல் கேட்டு வாங்கினோம். வெளி உணவைத் தியேட்டர் தடுக்கலாம், ஆனால் நல்ல குடிநீர் இலவசமாகத் தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அங்கே தண்ணீர் இருந்தது, அம்மா இரண்டு டம்ளர் குடித்தார்.

இவ்வளவு சின்ன டிக்கெட்டை நான் ஏன் இப்படி எழுதிவைக்கிறேன் என்று தங்கைக்காகச் சொல்லிவிடுகிறேன், அவள் அன்று கூட வரவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து, கிட்டப் பார்க்கும் கண்ணாடி வாங்கத்தான் அன்று கீழே இறங்கினோம். படம் பார்க்கலாம் என்று அம்மாதான் சொன்னார். திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி உட்கார்ந்ததும் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தத் துண்டை எடுத்தார். பஸ் கிளம்பும்வரை ஏழு விதிகளையும் ஒவ்வொன்றாக, வாய்விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருஷமாக மாத்திரை அட்டையில் பெயர் பார்க்கக்கூட என்னைக் கூப்பிட்டவர் அவர்.

குஞ்சப்பனை தாண்டியதும் இருட்டிவிட்டது, கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார், டிக்கெட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். நடுவில் இருக்கும் மடிப்புக்கோடு அப்படி வந்ததுதான். மடிப்பில் "14" பாதி போய்விட்டது, நான் நினைவிலிருந்து எழுதவில்லை, பூதக்கண்ணாடியில் 4-இன் கால் தெரிகிறது.

பின்பக்கம் அச்சு எதுவும் இல்லை. நீலப் பேனாவில், அம்மாவின் கையெழுத்தில், கொஞ்சம் சாய்வாக:

கண்ணாடி வாங்கிய நாள். ரூ. 1,450. இதை முழுக்கப் படித்தேன்.