வரும் 15-ஆம் தேதி ஞாயிறு, காலை 10 மணி

பெரியண்ணா, அக்கா, தம்பி மூவருக்கும்,

நேற்று (ஜூன் 1, ஞாயிறு) அப்பா திவசம் முடிந்து, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டே பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். போன வருஷம் நிலம் அளக்க சர்வேயர் வந்த அன்றைக்கு, பாதிப்பேர் காலையில் வரப்பில் நின்றோம், பாதிப்பேர் சாயங்காலம் வந்தீர்கள். "நீதானே நாலு மணி என்றாய்" என்று யார் யாரைச் சொன்னது என்பது இன்றுவரை தீரவில்லை.

பாகப்பிரிவினை பற்றிப் பேச நாம் கூடுவது 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, ஆனி முதல் தேதி, காலை 10 மணி. சுவாமிமலை வீட்டில், கூடத்தில். அண்ணா முதலில் "பத்து, பத்தரை" என்றார். பிறகு அம்மா, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று சொன்னதால் பத்தே என்று முடிவானது. ஆகவே பத்தரை இல்லை. சாயங்காலம் நாலரைக்கு ராகுகாலம் என்பதால் அதை அப்போதே விட்டுவிட்டோம். அக்கா கேட்ட 22-ஆம் தேதியும் இல்லை, அன்று பத்திர எழுத்தருக்குத் தோதுப்படவில்லை.

தம்பி, இது இந்திய நேரம். சிங்கப்பூரில் உனக்குப் பகல் பன்னிரண்டரை. நீ வீடியோ காலில் வந்தால் போதும், ஆனால் சாப்பிடப் போய்விடாதே.

அண்ணா, நீங்கள் சனிக்கிழமை இரவு உழவனில் ஏறி, விடியற்காலை கும்பகோணத்தில் இறங்குவதாகச் சொன்னீர்கள். நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். அக்காவும் அத்தானும் காரில் நேரே வீட்டுக்கு வருகிறார்கள்.

மூலப்பத்திரம் அண்ணாவிடம், வாரிசு சான்றிதழ் என்னிடம். சிட்டாவும் வில்லங்கச் சான்றும் நான் எடுத்து வைக்கிறேன். எல்லோரும் ஆதார் கொண்டு வாருங்கள். பத்திர எழுத்தர் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவார். அவர் வருமுன் ஒரு மணி நேரம் நமக்குள் பேசிக்கொள்ளத்தான் பத்து மணி.

அன்றைக்குப் பேச்சு மட்டும்தான், கையெழுத்து எதுவும் இல்லை. பதிவு அலுவலகத்துக்கு என்றைக்குப் போவது என்று நேற்று பேசவில்லை. யாரும் பேசியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்னந்தோப்பு யாருக்கு என்பதும் முடிவாகவில்லை. அத்தான் விளையாட்டாகச் சொன்னதை நான் எழுதவில்லை.

நான் தப்பாகக் கேட்டிருந்தால் புதன்கிழமைக்குள் இங்கேயே சொல்லுங்கள், தனியாக எனக்குப் போன் செய்ய வேண்டாம். சரியென்றால் "சரி, 15, பத்து மணி" என்று ஒரு வரி போடுங்கள். கட்டைவிரல் படம் போதாது. அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன், அவர் சரி என்றார். மதியச் சாப்பாடு வீட்டில்தான், எத்தனை பேர் என்று அண்ணி கேட்கிறார், அதையும் அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.